நோட்டீஸ் கொடுக்காமல் போன ஊழியர்: எவ்வளவு கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்

கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே மூன்று ஆண்டுகள் வடிவமைப்புப் பொறியாளராக இருந்தவர் 2026 மார்ச் 2ஆம் தேதி மின்னஞ்சலில் ராஜினாமா அனுப்புகிறார். நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் காலம் 60 நாள். மார்ச் 14, சனிக்கிழமை மாலை அவரிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல்: புதிய இடத்தில் உடனே சேர வேண்டியிருக்கிறது, திங்கள்கிழமை முதல் வர இயலாது, மன்னிக்கவும்.

முதலாளிக்குக் கோபம் வருவது இயற்கை. பாதியில் நிற்கும் வரைபடங்களை யார் முடிப்பது என்று தெரியாது. கணக்காளரைக் கூப்பிட்டு மூன்று உத்தரவு போடுகிறார்: மார்ச் மாதச் சம்பளத்தை நிறுத்து, அனுபவச் சான்றிதழ் கொடுக்காதே, வக்கீல் நோட்டீஸ் விடு. இவற்றில் முதலாவது சட்டத்தோடு மோதும். இரண்டாவதால் காசு வராது. மூன்றாவதற்கு இன்னும் நேரம் வரவில்லை. இந்த நிலையில் அவர் செய்ய வேண்டியது, ஒரு பக்கத்துக்குள் அடங்கும் ஒரு கடிதம் எழுதுவதுதான். அதில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பது பணம் கேட்கும் உரிமை எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது.

அந்த உரிமையைத் தருவது ஒப்பந்தம்தான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41ஆம் பிரிவு ஒரு மாத நோட்டீஸ் பற்றிப் பேசுகிறது. ஆனால் அந்தக் கடமையை அது முதலாளியின் தலையில்தான் வைக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை அனுப்புவதானால் நோட்டீஸ் அல்லது அதற்கீடான சம்பளம் தர வேண்டும் என்கிறது. போகிற ஊழியருக்கு அதில் ஒரு கட்டளையும் இல்லை. பணி நிபந்தனைகளை வகுக்கும் விதிகளான நிலையாணைகள் பொருந்தும் தொழிற்சாலைகளில் கதை சற்று வேறு: மத்திய அரசின் பழைய மாதிரி நிலையாணைகள் மாதச் சம்பளத் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் ஒன்றுபோல ஒரு மாத நோட்டீஸ் வைத்திருந்தன. மற்றபடி 30 நாளோ 60 நாளோ 90 நாளோ, எல்லாம் நியமனக் கடிதத்தில் கையெழுத்தான வரிகள்தான். அந்தக் கையெழுத்துப் பிரதி கோப்பில் இல்லையென்றால் கடிதம் எழுத உட்காருவதே வீண்.

ஒப்பந்தத்தை மீறியவரிடம் பணம் கேட்கலாம். ஆளைத் திரும்பக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைக்க முடியாது. தனிமனித உழைப்புக்கான ஒப்பந்தத்தை நீதிமன்றம் வலுக்கட்டாயமாக நிறைவேற்றித் தருவதில்லை. ஒரு காலத்தில் இப்படி இருக்கவில்லை. 1859இல் வந்த தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டத்தின் கீழ், முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்ட தொழிலாளியை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். பணத்தைத் திருப்பு, இல்லையேல் வேலையை முடி என்று அவர் ஆணையிடுவார். கேட்காவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. அந்தச் சட்டம் 1925இல் ஒழிந்தது. ஒழிந்து நூறாண்டு கடந்த பிறகும், விலகிய ஊழியருக்கு ‘போலீசில் புகார் கொடுப்போம்’ என்று மின்னஞ்சல் அனுப்புகிற நிறுவனங்கள் இருக்கின்றன. நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் போவது குற்றம் அல்ல, உரிமையியல் விவகாரம். அந்த மிரட்டல் நாளை நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டால், எழுதியவருக்குத்தான் கெட்ட பெயர்.

கடிதத்துக்கு முன்பு ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். பெரும்பாலான கோரிக்கைகள் தோற்கும் இடம் இது. ராஜினாமா மின்னஞ்சலுக்கு நிறுவனத்திலிருந்து யாராவது என்ன பதில் எழுதினார்கள்? மனிதவளப் பிரிவில் ஓர் இளைஞர், ‘உங்கள் ராஜினாமாவை ஏற்கிறோம், மார்ச் 14 முடிய உங்களைப் பணியிலிருந்து விடுவிக்கிறோம், வாழ்த்துகள்’ என்று நல்லெண்ணத்தில் எழுதியிருந்தால், மீதி நாள்களை நிறுவனமே விட்டுக்கொடுத்துவிட்டது என்று ஊழியர் வாதிடலாம். அந்த வாதம் பெரும்பாலும் எடுபடும். ‘ராஜினாமா கிடைத்தது, நோட்டீஸ் காலம் மே 1 வரை இருக்கிறது, முன்னரே செல்வதானால் நியமனக் கடிதத்தின்படி ஈடு தர வேண்டியிருக்கும்’ என்று எழுதியிருந்தால் உரிமை அப்படியே நிற்கும். கூடவே இரண்டு கேள்விகள்: அவர் தகுதிகாண் காலத்தில் இருந்தாரா, அதற்கு வேறு நோட்டீஸ் உண்டா? முந்தைய மாதங்களின் சம்பளத்தை நிறுவனம் காலதாமதமாகக் கொடுத்திருக்கிறதா? கொடுத்திருந்தால், ‘முதலில் மீறியது நீங்கள்தான்’ என்ற பதில் வரும். அது நியாயமான பதிலும்கூட.

இனி கணக்கு. நம் பொறியாளரின் மாதச் சம்பளம் 36,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 18,000. மீதி வீட்டு வாடகைப் படியும் பிற படிகளும். ராஜினாமா மார்ச் 2. மறுநாளிலிருந்து எண்ணினால் அறுபதாவது நாள் மே 1. மார்ச் 3 முதல் 14 வரை 12 நாள் வந்திருக்கிறார். குறைவு 48 நாள்.

இந்த 48-ஐ எதனால் பெருக்குவது? இங்கே கணக்காளர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து ஒரு நாள் சம்பளம் கண்டுபிடித்து, அதை 48-ஆல் பெருக்குவார்கள். 36,000-ஐ 26-ஆல் வகுத்தால் சுமார் 1,385. 48 நாளுக்கு 66,000 ரூபாயைத் தாண்டும். ஆனால் 26 என்பது வேலை நாள்களின் எண்ணிக்கை; 48 என்பது ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்த நாள்காட்டி நாள்களின் எண்ணிக்கை. நாள்காட்டி நாள் என்றால் 30-ஆல் வகுக்க வேண்டும்: நாளொன்றுக்கு 1,200, மொத்தம் 57,600. ஏறக்குறைய 9,000 ரூபாய் வித்தியாசம் ஒரு தவறான வகுத்தலால் வருகிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பார்ப்பது இதைத்தான். இதில் ஒரு பிழை கண்டுபிடித்துவிட்டால் கடிதத்தின் மற்ற வரிகளையும் அவர் நம்ப மாட்டார்.

அடுத்த கேள்வி, மொத்தச் சம்பளமா, அடிப்படைச் சம்பளமா? இந்த நியமனக் கடிதத்தில் ‘குறைவுபடும் நாள்களுக்கான சம்பளம்’ என்று மட்டும் இருக்கிறது. இரண்டு பொருளுக்கும் இடம்தரும் வாசகத்தை, அதை எழுதிய தரப்புக்கு எதிராகப் படிப்பதே ஒப்பந்தச் சட்டத்தின் வழக்கம். எழுதியது நிறுவனம். இதைவிட நேர்மையான சோதனை ஒன்றும் இருக்கிறது: இதே நிறுவனம் கடைசியாக ஒருவரை நோட்டீஸ் இல்லாமல் அனுப்பியபோது எதைக் கணக்கிட்டுக் கொடுத்தது? அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் மட்டும் என்றால், கேட்கும்போதும் அதுவேதான் அளவுகோல். கொடுக்க ஒரு படி, வாங்க ஒரு படி என்பது எந்த நீதிபதி முன்பும் நிற்காது. ஆக, நாளொன்றுக்கு 600. 48 நாளுக்கு 28,800 ரூபாய்.

அவர் கணக்கில் எட்டு நாள் ஈட்டிய விடுப்பு மிச்சம் இருக்கிறது. நிறுவன விதிப்படி விடுப்புக்கான பணம் மொத்தச் சம்பளத்தில் கணக்கிடப்படும்: எட்டு நாளுக்கு 9,600. இதை நோட்டீஸ் தொகையில் சரிக்கட்டலாமா என்று மின்னஞ்சலில் கேட்டதற்கு அவர் சம்மதம் எழுதிவிட்டார். அப்படியானால் 28,800-இல் 9,600 போக 19,200. ஆனால் சில நிறுவனங்கள் பணத்தைக் கழிக்காமல் நாளைக் கழிக்கும்: 48-இல் 8 போனால் 40 நாள், நாளுக்கு 600, ஆக 24,000. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். உண்மையில் 1,200 ரூபாய் மதிப்புள்ள விடுப்பு நாளை 600 ரூபாய் மதிப்புள்ள நோட்டீஸ் நாளோடு ஈடு கட்டி, 4,800 ரூபாயை ஊழியரிடமிருந்து சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும் வேலை அது. பலர் தெரியாமலே செய்கிறார்கள். தெரிந்து செய்பவர்களும் உண்டு.

மார்ச் 1 முதல் 14 வரை அவர் உழைத்த சம்பளம் வேறு விஷயம். அதில் கை வைக்கக் கூடாது என்பது என் திடமான கருத்து. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019, வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் ஊதியம் தரச் சொல்கிறது. முன்பு ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் 24,000 ரூபாய் என்ற மாதச் சம்பள வரம்பு இருந்தது; அதற்கு மேல் வாங்குபவருக்கு அந்தச் சட்டம் இல்லை. இப்போது அந்த வரம்பு போய்விட்டது. எந்தெந்தக் காரணத்துக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்யலாம் என்பதற்குத் தொகுப்பின் 18ஆம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது: அபராதம், வராத நாள், முன்பணம், கடன், வருமான வரி, சேமநல நிதி இப்படி. தனி ஒருவர் நோட்டீஸ் தராததற்கான ஈடு அந்தப் பட்டியலில் இல்லை. சட்டம் இதை மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ கூடிப் பேசிக்கொண்டு நோட்டீஸ் இல்லாமல் வேலைக்கு வராமல் நின்றால், நோட்டீஸுக்கு ஈடாக எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கலாம் என்று 20ஆம் பிரிவில் தனியாகச் சொல்லியிருக்கிறது. பத்துப் பேருக்குச் சொன்ன சட்டம் ஒருவருக்குச் சொல்லவில்லை. அதோடு, எந்தப் பிடித்தமானாலும் மொத்தம் அந்த மாத ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மீறிப் பிடித்து, ஊழியர் அதிகாரியிடம் மனுக் கொடுத்தால், பிடித்த தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு கொடுக்கச் சொல்ல அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது.

ஆகவே 14 நாள் சம்பளம் 16,800-இல் சேமநல நிதிப் பங்கு 1,008 போக, 15,792 ரூபாயை மார்ச் 17ஆம் தேதியே வங்கிக் கணக்கில் போட்டுவிடுவது நல்லது. சம்பளத்தைக் கொடுத்துவிட்டுப் பணம் கேட்பவரின் கடிதத்துக்குத் தனி எடை உண்டு. நடைமுறையில் பெரும்பாலான நிறுவனங்கள் கணக்கு முடிப்பில் எல்லாவற்றையும் ஒரே தாளில் கூட்டிக் கழித்துவிடுகின்றன என்பது எனக்குத் தெரியும். ஊழியர் எழுத்தில் சம்மதித்தால் அதில் தொல்லை இல்லை. சம்மதம் இல்லாமல் செய்தால், பணம் கேட்க வந்த நிறுவனம் புகாருக்குப் பதில் சொல்லும் இடத்தில் போய் நிற்கும். பணிக்கொடையும் சேமநல நிதியும் இந்தக் கணக்கிலேயே வரக் கூடாதவை. நோட்டீஸ் குறைவைச் சொல்லி அவற்றை நிறுத்திவைக்கச் சட்டத்தில் வழியில்லை. அசல் கல்விச் சான்றிதழை வாங்கி வைத்திருக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. சான்றிதழ் விற்பனைச் சரக்கு அல்ல, அதன் மேல் பிடிமான உரிமை கொண்டாட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இனி கடிதம். மார்ச் 23 தேதியிட்டு, நிறுவனத்தின் கடிதத்தாளில்:

பொருள்: நோட்டீஸ் காலக் குறைவுக்கான தொகை ரூ. 19,200 கோருதல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் தாங்கள் ஆற்றிய பணிக்கு நன்றி.

தாங்கள் கையெழுத்திட்ட 2023 ஜனவரி 9 தேதியிட்ட நியமனக் கடிதத்தின் 11ஆம் பிரிவின்படி, பணியை முடித்துக்கொள்ளும் தரப்பு 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும். தவறினால் குறைவுபடும் நாள்களுக்கான சம்பளத்தை மற்றத் தரப்புக்குத் தர வேண்டும். தங்கள் ராஜினாமா 2026 மார்ச் 2 அன்று கிடைத்தது. நோட்டீஸ் காலம் மே 1 அன்று முடிவதைத் தங்களுக்கு மார்ச் 4 அன்று மின்னஞ்சலில் தெரிவித்தோம். தாங்கள் மார்ச் 14 வரை பணிக்கு வந்தீர்கள். குறைவு 48 நாள்.

அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த மாதம் ரூ. 18,000-ஐ 30 நாளால் வகுத்து, நாளொன்றுக்கு ரூ. 600 வீதம் 48 நாளுக்கு ரூ. 28,800 ஆகிறது. தங்கள் மார்ச் 16 மின்னஞ்சல் சம்மதத்தின்படி எட்டு நாள் விடுப்புப் பணம் ரூ. 9,600 இதில் சரிக்கட்டப்பட்டுள்ளது. செலுத்த வேண்டியது ரூ. 19,200. மார்ச் மாதத்தில் பணியாற்றிய நாள்களுக்கான சம்பளம் ரூ. 15,792 மார்ச் 17 அன்று தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டுவிட்டது.

இத்தொகையை ஏப்ரல் 13-க்குள் கீழ்க்கண்ட கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒரே தவணையில் இயலாவிட்டால், தவணை விவரத்தை அதே தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். கணக்கில் தவறு இருப்பதாகத் தாங்கள் கருதினால் அதையும் தெரிவிக்கவும். சரிபார்த்துப் பதில் தருகிறோம். தங்கள் புதிய நிறுவனம் இத்தொகையை ஏற்பதானால், அதற்கு வேண்டிய ரசீதைத் தங்கள் பெயரில் தருகிறோம்.

மேற்படி தேதிக்குள் தொகையோ பதிலோ வராவிட்டால், இக்கடிதத் தேதியிலிருந்து ஆண்டுக்கு 9 சதவீத வட்டியுடன் உரிமையியல் நீதிமன்றம் மூலம் வசூலிக்கும் உரிமையைப் பயன்படுத்த நேரும். அதற்கு அவசியம் வராது என நம்புகிறோம்.

இப்படிக்கு, நிர்வாக மேலாளர். இணைப்பு: நியமனக் கடிதம், இரண்டு மின்னஞ்சல்கள், கணக்குத் தாள்.

கடிதம் அவ்வளவுதான். நன்றி சொல்லும் முதல் வரியைப் பலர் அடிப்பார்கள். வைத்துக்கொள்ளலாம் என்பேன், கடிதத்தை மூன்றாமவர் ஒருவர் படிக்கும்போது எழுதியவரின் நிதானத்தைக் காட்டும் வரி அது. வட்டி வரி சம்பிரதாயத்துக்காக எழுதியது அல்ல. ஒப்பந்தத்தில் வட்டி பற்றிப் பேச்சில்லாத இடத்தில், வட்டி கேட்பதாக எழுத்தில் அறிவித்த தேதியிலிருந்து நீதிமன்றம் அதை வழங்கலாம் என்பது 1978ஆம் ஆண்டு வட்டிச் சட்டம். அறிவிக்காமல் விட்டால் வழக்குத் தொடுக்கும் வரையான மாதங்கள் போய்விடும். ‘கணக்கில் தவறு இருந்தால் சொல்லுங்கள்’ என்பது பலவீனம் போலத் தோன்றலாம். அதற்கு அவர் பதில் எழுதாமல் இருந்தால், பின்னாளில் கணக்கை மறுப்பது அவருக்குக் கடினம்.

எழுதாமல் விட்டவற்றையும் பார்க்க வேண்டும். துரோகம், நன்றி மறந்தீர்கள், தொழிலுக்குப் பெருத்த நஷ்டம் போன்ற சொற்கள் இல்லை. புதிய நிறுவனத்துக்கு எழுதுவோம் என்ற எச்சரிக்கை இல்லை. அப்படி எழுதினால் அவதூறு வழக்கு நம் மேல் திரும்பலாம். சான்றிதழைப் பற்றிய பேச்சும் இல்லை. மூன்று ஆண்டு வேலை செய்தார் என்பது நடந்த உண்மை, அதைச் சொல்ல விலை கேட்க முடியாது. ஜி.எஸ்.டி.யும் சேர்க்கப்படவில்லை. முன்னர் சிலர் நோட்டீஸ் தொகையை ஒரு சேவைக்கான கட்டணம் என்று கருதி வரி கேட்டார்கள். சேவை வரிக் காலத்திலேயே சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட சுற்றறிக்கையில் ஜி.எஸ்.டி.யும் கிடையாது என்று மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் தெளிவாக்கிவிட்டது.

கடிதத்தை மின்னஞ்சலிலும், ஒப்புகை கிடைக்கும் ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்ப வேண்டும். நியமனக் கடிதத்தில் உள்ள நிரந்தர முகவரிக்கும், தெரிந்தால் தற்போதைய முகவரிக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பி இரண்டு நீலக் குறி வந்ததை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

பதில் வரும் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 10ஆம் தேதி பொறியாளர் எழுதுகிறார்: ‘என் இடத்துக்கு ஏப்ரல் 6 அன்று வேறொருவர் சேர்ந்துவிட்டதாக அறிகிறேன். பிறகு எதற்கு 48 நாள்?’ இது கெட்டிக்காரத்தனமான கேள்வி மட்டும் அல்ல, சட்டத்தின் கேள்வியும்கூட. ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை என்பது உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். இழப்பே இல்லாத இடத்தில் இழப்பீடு இல்லை என்று 2015இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இழப்பை ரூபாயில் காட்டுவது கடினமான இடங்களில், முன்கூட்டியே நேர்மையாக மதிப்பிட்டு எழுதிய தொகையை நீதிமன்றம் ஏற்பதும் உண்டு. 60 நாள் இரு தரப்புக்கும் சமமாக இருந்ததும், அடிப்படைச் சம்பளத்தோடு நின்றதும் நம் நிறுவனத்துக்கு இங்கே பலம்.

ஆனாலும் முதலாளி தன் உண்மையான இழப்பைத் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். மார்ச் 15 முதல் ஏப்ரல் 5 வரை 22 நாள் அந்த இருக்கை காலியாக இருந்தது. அந்த நாள்களில் வெளியே ஒரு வடிவமைப்பாளரிடம் வரைபட வேலை கொடுத்து 41,000 ரூபாய் பில் வந்தது. உடனே ‘41,000 நஷ்டம்’ என்பார்கள். அதே 22 நாளுக்குப் பொறியாளருக்குக் கொடுத்திருக்க வேண்டிய 26,400 ரூபாய் மிச்சமானதை யாரும் சொல்ல மாட்டார்கள். கூடுதலாகப் போனது 14,600. விடுப்புப் பணம் 9,600-ஐ அதில் கழித்தால் நிற்பது 5,000. கேட்டது 19,200; ரசீது வைத்து நிரூபிக்க முடிவது 5,000. இரண்டுக்கும் இடையில் எங்கோதான் நீதிமன்றம் நிற்கும், சமரசமும் நிற்கும்.

இங்கே பலர் 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் வந்த தீர்ப்பைக் காட்டுவார்கள். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அது பொதுத்துறை வங்கி. ஒரு மூத்த அதிகாரியின் இடத்தை நிரப்ப விளம்பரம், தேர்வு என்று அகில இந்திய அளவில் பணமும் காலமும் செலவாகும் என்பது அங்கே எடைபோடப்பட்டது. அந்தத் தொகையை அப்படியே நகலெடுத்து 15,000 ரூபாய் சம்பளக்காரரின் நியமனக் கடிதத்தில் ஒட்டுகிறவர்களை அந்தத் தீர்ப்பு காப்பாற்றும் என்று நான் நினைக்கவில்லை.

19,200 ரூபாய்க்கு வழக்குப் போடுவது நிறுவனத்தின் விருப்பம். எழுத்து ஒப்பந்தத்தில் தொகை திட்டவட்டமாக இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் சுருக்க வழக்கு முறையில் கேட்கலாம். ஆனால் இழப்பே சர்ச்சையில் இருக்கும்போது, எதிர்த்து வாதாட அனுமதி கேட்கும் ஊழியருக்கு அது கிடைத்துவிடும். பிறகு சாதாரண வழக்குபோல நடக்கும். வழக்கறிஞர் கட்டணம், மேலாளர் சாட்சிக் கூண்டில் ஏறப் போகும் நாள்கள் எல்லாம் கூட்டினால் கேட்கும் தொகையைச் செலவு விழுங்கிவிடும். இதைச் சொல்ல வழக்கறிஞர்கள் தயங்கலாம்; நான் தயங்கவில்லை. இந்த அளவுத் தொகைக்கு வழக்கைவிடச் சமரசமே லாபம்.

ஆகவே ஏப்ரல் 10 கடிதத்துக்கு நிறுவனம் எழுத வேண்டிய பதில் இரண்டு பத்திதான்: எங்கள் ஒப்பந்த உரிமை 19,200 என்பதில் மாற்றமில்லை; எனினும் புதியவர் சேர்ந்ததைக் கருத்தில் கொண்டு, 12,000 ரூபாயை இரண்டு தவணையில் மே 31-க்குள் செலுத்தினால் முழுத் தீர்வாக ஏற்கிறோம்; தவறினால் முழுத் தொகையையும் கேட்கும் உரிமை மீளும். அவர் ‘சரி’ என்று மின்னஞ்சலில் எழுதினால், அது கடனை ஒப்புக்கொண்ட எழுத்து. மீறிய நாளிலிருந்து ஓடத் தொடங்கிய மூன்று ஆண்டு காலவரையறை, அவர் எழுதிய அன்றிலிருந்து புதிதாக ஓடும்.

இரண்டாவது தவணை வந்ததும், தொகை, தேதி, எதற்காகப் பெறப்பட்டது என்ற விவரங்களுடன் ரசீது தர வேண்டும். புதிய நிறுவனம் இந்தத் தொகையைத் திருப்பித் தருவதானால் அவர்கள் கேட்பது அந்தத் தாளைத்தான். ‘இனி ஒருவருக்கொருவர் பாக்கி இல்லை’ என்ற வரி அதிலேயே இருந்தால் தனிக் கடிதம் வேண்டாம்.